ஆன்லைன் தையல் படிவத்தில் பிளவுஸ்: அளவை எந்த வழியில் கொடுப்பது?

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க பாளையங்கோட்டையில் டெய்லர் அக்காக்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். "இனிமே பொங்கல் கழிச்சுதான்" என்பார்கள். பொங்கல் கழிந்தால் தை முகூர்த்தங்கள் வரிசையாக வந்து நிற்கும். துணி கையில் இருக்கும், கல்யாணத் தேதி குறித்தாகிவிடும், தைக்க ஆள் இருக்காது. இப்படித்தான் எங்கள் பக்கம் பலர் ஆன்லைன் தையலுக்குப் போகிறார்கள். துணியை கூரியரில் அனுப்பிவிட்டு, கழுத்து, கை, கட் எல்லாவற்றையும் போனில் தேர்வு செய்கிறார்கள். அதுவரை எல்லாம் சுலபம். அடுத்து அளவுப் பக்கம் வருகிறது. பிளவுஸ் சேருமா சேராதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

அந்தப் பக்கத்தில் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். 34, 36, 38 என்று ஒரு சைஸைத் தட்டிவிடலாம். டேப் பிடித்து உடம்பு அளவை எழுதலாம். சரியாக இருக்கும் ஒரு பிளவுஸை, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுபோல் அளவு சட்டையை, தரையில் விரித்து அதன் அளவை எழுதலாம். அல்லது அந்த அளவு சட்டையையே துணியோடு அனுப்பிவிடலாம். இந்த நான்கில் எது எந்தப் பிளவுஸுக்குப் பொருந்தும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சுடிதாரோ குர்த்தியோ ஒரு அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். சேலை பிளவுஸ் அப்படி இல்லை. அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடுப்பு, துணியும் இழுத்தால் நெகிழாத துணி.

முதல் வழியைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். சைஸ் எண் என்பது மார்புச் சுற்று ஒன்றை மட்டும் வைத்து மற்ற எல்லாவற்றையும் ஊகிப்பது. 38 மார்பு உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குத் தோள் 14 அங்குலமும் இன்னொருவருக்கு 15 அங்குலமும் இருப்பது சாதாரணம். நெகிழும் துணியில் வரும் ரெடிமேட் பிளவுஸுக்கு அது போதும். சேலையில் வெட்டிய பிளவுஸ் துணியை அப்படித் தைக்கக் கொடுக்காதீர்கள்.

மீதி மூன்றையும் எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மதினிக்கு இரண்டு பிளவுஸ் தேவைப்பட்டது. ஒன்று முகூர்த்தப் பட்டுக்கு, கழுத்திலும் கையிலும் ஆரி வேலையோடு. இன்னொன்று மறுவீட்டுக்குக் கட்ட எடுத்த வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலைக்கு, வேலைப்பாடு எதுவும் இல்லாமல். படிவம் நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. மதினிக்கு மிகவும் பிடித்த பிளவுஸ் ஒன்று உண்டு. "இந்தா இதுதான் அளவு. இதுல உள்ளத அப்படியே போட்டுரு" என்று அதை எடுத்துக் கொடுத்தார்கள்.

அப்படியே போடக் கூடாது. ஆன்லைன் தையலில் பிளவுஸ் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். படிவம் கேட்பது உடம்பின் அளவையா, தைத்த பிளவுஸின் அளவையா என்று பார்க்காமலேயே கட்டங்களை நிரப்பிவிடுகிறோம்.

உடம்பு அளவும் பிளவுஸ் அளவும் ஒன்றல்ல. மதினியின் மார்புச் சுற்று 38 அங்குலம். அவர்கள் கொடுத்த பிளவுஸைக் கொக்கி மாட்டி விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தால் 19¾ வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 39½. இடையில் இருக்கும் ஒன்றரை அங்குலம்தான் மூச்சு விடவும் கை நீட்டவும் டெய்லர் விட்ட லூஸ். உடம்பு அளவு கேட்கும் படிவத்தில் 39½ என்று எழுதினால், அங்கே இருப்பவர் அதை உடம்பு என்று நம்பி தன் பங்குக்கு ஒன்றரை சேர்ப்பார். பிளவுஸ் 41 ஆகிவிடும். உடம்பிலிருந்து மூன்று அங்குலம் விலகி நிற்கும், முன்பக்கம் மடிப்பு விழும். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். பிளவுஸ் அளவு கேட்கும் இடத்தில் 38 என்று எழுதினால் லூஸே இல்லாமல் வரும். கொக்கிப் பட்டி வாய் பிளக்கும், கை தூக்கினால் தையல் நெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள படத்தைப் பாருங்கள். ஒரு பெண்ணின் உடம்பில் டேப் சுற்றியிருந்தால் உடம்பு அளவு. விரித்து வைத்த பிளவுஸின் மேல் கோடு போட்டிருந்தால் பிளவுஸ் அளவு. சில படிவங்களில் Body Measurements, Garment Measurements என்று இரண்டு பொத்தான்களாகவே இருக்கும். முதலாவது உடம்பு, இரண்டாவது பிளவுஸ். படமும் இல்லை, பொத்தானும் இல்லை என்றால் அடியில் உள்ள குறிப்புக் கட்டத்தில், கொடுத்தது எந்த அளவு, லூஸ் சேர்த்ததா சேர்க்காததா என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் ஆர்டரை அனுப்பக் கூடாது.

இதே குழப்பம் இன்னொரு வழியிலும் நுழையும். டேப் பிடிக்கத் தெரியாது என்று பக்கத்து டெய்லர் அக்காவிடம் போய் அளவு எடுத்து வருவது நல்ல யோசனைதான், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் டெய்லர் சொல்லும் எண் பெரும்பாலும் தைக்கிற அளவு. டேப் பிடிக்கும்போதே விரலை உள்ளே விட்டு, மனதில் லூஸையும் கூட்டித்தான் நோட்டில் எழுதுவார்கள். "அக்கா, இது உடம்பு அளவா, லூஸ் சேர்த்த அளவா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மதினிக்காக நான் திறந்த படிவம் இரண்டையும் அனுமதித்தது. செடிபுட்டா பிளவுஸுக்கு அளவு சட்டையை வைத்தே எழுதினேன். காரணம், மதினிக்கு வேண்டியது அதே கட், அதே கழுத்து, துணி மட்டும் வேறு. கட் மாறாதபோது, உடம்பில் ஏற்கெனவே சரியாக நின்ற பிளவுஸின் அளவுதான் நம்பகமானது. வீட்டில் ஒருவர் இன்னொருவருக்கு உடம்பில் டேப் பிடிக்கும்போது வயிற்றை உள்ளிழுப்பது, குனிந்து பார்ப்பது, கையைத் தூக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். விரித்து வைத்த துணி அசையாது.

ஆனாலும் அந்தத் துணி எல்லாக் கட்டத்துக்கும் சரியான பதில் சொல்லாது. மூன்று இடங்களில் அது ஏமாற்றும். இருப்பதிலேயே அதிகம் தப்பாக நிரப்பப்படுவதும் அந்த மூன்றுதான்: கையின் அக்குள் சுற்று, தோள், கழுத்து இறக்கம்.

அக்குள் சுற்று, படிவத்தில் Armhole என்று இருக்கும். பிளவுஸை விரித்ததும் எல்லாரும் தோள் தையலின் ஓரத்திலிருந்து அக்குள் தையல் வரை டேப்பை நேராகப் பிடித்து, வந்ததை இரட்டித்துப் போட்டுவிடுவார்கள். மதினியின் பிளவுஸில் அந்த நேர்கோடு 7½ அங்குலம், இரட்டித்தால் 15. ஆனால் கை இணைந்திருக்கும் தையல் நேர்கோடு அல்ல, உள்நோக்கி வளைந்து போகிறது. டேப்பைப் படுக்கையாக வைக்காமல் அதன் ஓரத்தை நிமிர்த்தி, தையல் மேலேயே வளைத்துக்கொண்டு போனால் முன்பக்கம் 8½, பின்பக்கம் 8¾ வந்தது. மொத்தம் 17¼. நேர்கோட்டு அளவோடு ஒப்பிட்டால் இரண்டே கால் அங்குல வித்தியாசம். 15 என்று எழுதியிருந்தால் கை அக்குளில் இறுக்கிப் பிடித்து, அரை மணி நேரத்தில் சிவந்த கோடு விழுந்திருக்கும்.

சில படிவங்கள் சுற்று கேட்காமல் பாதி கேட்கும். சில, படத்தில் நேர்கோடே போட்டு ஆழத்தைக் கேட்கும். எனவே இங்கும் படத்தில் கோடு வளைகிறதா நேராக நிற்கிறதா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். உடம்பில் அளப்பதாக இருந்தால் கையைத் தொங்க விட்டு, தோள் எலும்பின் நுனியிலிருந்து அக்குள் வழியாகச் சுற்றி அதே நுனிக்கு வர வேண்டும். உள்ளே ஒரு விரல் போகும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் போதும். கையைத் தூக்கிக்கொண்டு அளந்தால் எண் தப்பாகிவிடும்.

அக்குள் சுற்றைக் கூட்டி எழுதினால் வசதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது நடக்காது. அக்குள் கீழே இறங்கிவிட்டால், கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுதும் சேர்ந்து மேலே ஏறும், கீழ்ப்பட்டி இடத்தை விட்டு நகரும். பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்தால் வயிறு தெரிகிறது என்று சொல்லப்படும் பிளவுஸ்களில் பலவற்றில் உயரம் சரியாகவே இருக்கும், அக்குள்தான் தாழ்ந்திருக்கும்.

அடுத்தது தோள். இதை மட்டும் பிளவுஸிலிருந்து எடுக்காதீர்கள், எந்தப் படிவமாக இருந்தாலும் உடம்பிலிருந்தே எடுங்கள். இன்றைய பிளவுஸ்களுக்குக் கழுத்து அகலம். தோளில் மிஞ்சுவது இரண்டரை அங்குலப் பட்டைதான். தரையில் விரித்தால் அந்தப் பட்டைகள் உள்ளே சாயும் அல்லது வெளியே விரியும். ஒரே பிளவுஸை இரண்டு முறை விரித்து அளந்தால் அரை அங்குலம் மாறி வருவதை நீங்களே பார்க்கலாம். சிலர் Shoulder என்ற கட்டத்தில் அந்தப் பட்டையின் அகலத்தையே, 2½ என்று, எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் நல்ல கடையாக இருந்தால் போன் பண்ணிக் கேட்பார்கள். இரண்டு பட்டையையும் கூட்டி 5 என்று எழுதினாலும் அப்படியே. ஆபத்து, பார்த்தால் சரி போலத் தோன்றும் எண்ணில் இருக்கிறது. மதினியின் பிளவுஸை விரித்து அளந்தபோது தோள் 13½ வந்தது. முதுகுப் பக்கம், ஒரு தோள் எலும்பின் நுனியிலிருந்து மறு நுனி வரை டேப் பிடித்தால் 14½. ஒரு அங்குலம் குறைந்தால் கையின் தையல் தோளுக்கு உள்ளே ஏறி உட்கார்ந்து இழுக்கும், கை நீளமும் அரை அங்குலம் குட்டையாகத் தெரியும். கூடினால் கை தோளை விட்டு வழியும்.

உடம்பில் எடுக்கும்போது எலும்பின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்துப் பிடியுங்கள். கையை லேசாகப் பக்கவாட்டில் தூக்கினால் தோளில் ஒரு குழி விழும், அந்த இடம்தான். டேப் முதுகின் மேல்பகுதியில், கழுத்து எலும்புக்குச் சற்றுக் கீழே, தளராமல் கிடக்க வேண்டும். இதை ஒருவர் தனக்குத் தானே எடுக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று எடுத்தாலும் கை முன்னே வரும்போது முதுகு விரிந்துவிடும்.

முதுகில் ஆழமான கழுத்து கேட்டால் தோள் அளவு இன்னொரு சிக்கலையும் கொண்டுவரும். பின்கழுத்து ஆழமாகவும் அகலமாகவும் போனால் தோள் பட்டையைப் பிடித்து நிறுத்த முதுகில் துணி இருக்காது, அது சரியும். நம் ஊர் டெய்லர் அந்த மாடலைக் கேட்டதுமே தோளில் ஒரு அரை அங்குலம் தானாகக் குறைத்துக்கொள்வார், நம்மிடம் சொல்லக்கூட மாட்டார். படிவம் அதைச் செய்யாது. எனவே உடம்புத் தோளைச் சரியாக எழுதிவிட்டு, பின்கழுத்தில் கட்டும் கயிறு வேண்டும் என்று தேர்வு செய்வதுதான் எளிய வழி.

மூன்றாவது கழுத்து இறக்கம். இதில் வரும் தவறுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் கழுத்து இறங்கிவிட்டால் திருத்த முடியாது. அளவு சட்டையில் கழுத்தின் ஓரத்தை ஒட்டி வளைவாகவே டேப் பிடிப்பார்கள். மதினியின் முன்கழுத்து அப்படி அளந்தால் 8½. ஆனால் படிவம் கேட்பது நேர் இறக்கத்தை. இரண்டு தோள் தையல்களும் கழுத்தைச் சந்திக்கும் இரண்டு முனைகளையும் தொடும்படி ஒரு நீண்ட ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அதன் நடுவிலிருந்து கீழே கழுத்தின் அடி வரை அளந்தால் 7. எட்டரை என்று போயிருந்தால் ஒன்றரை அங்குலம் கூடுதலாக இறங்கி, கல்யாண வீட்டில் குனிந்து பரிமாற முடியாத பிளவுஸ் வந்திருக்கும்.

பின்கழுத்தில் தவறு வேறு மாதிரி. உடம்பில் அளப்பவர்கள் பின்கழுத்து எலும்பிலிருந்து தொடங்குவார்கள். தைப்பவரோ தோள் தையலின் மட்டத்திலிருந்து கணக்கு வைப்பார். எலும்பு அந்த மட்டத்துக்கு முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை கீழே இருக்கும். எலும்பிலிருந்து 8 என்று அளந்து எழுதினால், நாம் நினைத்ததை விடச் சற்று ஏறிய கழுத்துதான் வரும். அது பரவாயில்லை, பிறகு இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் பின்கழுத்தை எழுதும்போது உயரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்பக்க உயரம் 14 உள்ள பிளவுஸில் 11 அங்குல இறக்கம் கேட்டால் முதுகில் மிஞ்சுவது மூன்றே அங்குலம். உள்ளாடையின் பட்டை அதற்குள் மறையுமா என்று போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

Waist என்ற கட்டத்திலும் பலர் வழுக்குகிறார்கள். உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் டேப் பிடித்து எழுதிவிடுகிறார்கள். பிளவுஸ் அங்கே போவதே இல்லை, மார்புக்குக் கீழே பட்டி முடியும் இடத்தோடு நின்றுவிடுகிறது. மதினிக்கு நாடா கட்டும் இடத்தில் 37, பட்டி முடியும் இடத்தில் 33. நான்கு அங்குலம் தவறினால் கீழ்ப்பட்டி தொங்கும், உள்ளே கைக்குட்டை செருகலாம் போல இருக்கும்.

எண்ணைத் தட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். நம் டேப்பில் ஒரு அங்குலத்துக்கு எட்டுப் பிரிவுகள். பதினாறே முக்கால் என்பது 16-க்குப் பிறகு ஆறாவது கோடு. அதைப் பார்த்து 16.6 என்று தட்டுகிறார்கள், முக்காலை 16.3 என்று தட்டுகிறவர்களும் உண்டு. கால் என்றால் .25, அரை .5, முக்கால் .75. சிலர் 14.1/2 என்று எழுதுவார்கள், அங்கே இருப்பவர் அதை 14.1 என்று படித்துவிட்டால் கிட்டத்தட்ட அரை அங்குலம் போய்விடும். டேப் பழைய துணி டேப்பாக இருந்தால் இழுத்து இழுத்து நீண்டிருக்கும். ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்து 12 அங்குலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அளவு சட்டையைத் தேர்வு செய்வதிலும் ஒன்று சொல்ல வேண்டும். பிடித்த சட்டை வேறு, இப்போது சரியாக இருக்கும் சட்டை வேறு. பக்கத் தையலை ஒருமுறை பிரித்து விட்டிருந்தால் பழைய தையல் தடம் துணியில் தெரியும், இப்போதைய தையலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அளக்கும் முன் அதைப் போட்டுக் கொக்கி மாட்டிச் சேலையும் கட்டிப் பார்க்கச் சொன்னேன். மதினிக்கு மற்றதெல்லாம் சரி, உயரம் மட்டும் அரை அங்குலம் பற்றவில்லை. "துவைச்சு துவைச்சு சுருங்கிட்டு" என்றார்கள். 14½ இருந்ததை 15 ஆக்கி எழுதினேன். காட்டன் பிளவுஸில் இது வழக்கம். புதுத் துணியும் காட்டனாக இருந்தால் அதையும் லைனிங் துணியையும் நனைத்துக் காயவைத்து அனுப்புங்கள், அல்லது அவர்களே நனைத்து வெட்டச் சொல்லுங்கள். லைனிங் மட்டும் பிறகு சுருங்கினால் மேல்துணி உப்பி நிற்கும்.

உடம்பு அளவு வழி எப்போது நல்லது என்றால், கட் மாறும்போது. மதினியின் அளவு சட்டை சாதாரண டாட் பிடித்தது. பிரின்சஸ் கட்டோ போட் நெக்கோ வேண்டும் என்றால் அந்தச் சட்டை உதவாது. போட் நெக்கில் துணி கழுத்தை ஒட்டிப் போகும், அகலக் கழுத்துச் சட்டை அந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பிரின்சஸ் கட்டில் தையல் மார்பின் முனை வழியாகவே இறங்குவதால் தோளிலிருந்து முனை வரை உள்ள நீளமும் இரண்டு முனைகளுக்கு இடையிலான தூரமும் உடம்பிலிருந்தே வர வேண்டும். மதினிக்கு அவை 10½, 8. அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டுதான் இவற்றை அளக்க வேண்டும். பழையது ஒன்றைப் போட்டு அளந்தால் முனை கீழே இறங்கி வரும், டாட் முனை தப்பான இடத்தில் குவிந்து நிற்கும். குழந்தை பெற்ற பிறகோ எடை மாறிய பிறகோ முதல் பிளவுஸ் தைப்பவர்களுக்கும் உடம்பு அளவுதான் வழி, அவர்களிடம் பொருந்தும் சட்டையே இருக்காது.

அளவு சட்டையைக் கூரியரில் அனுப்பும் வழி எல்லாவற்றிலும் பத்திரமானது போலத் தெரியும். எண் எழுதும் தவறு ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் அங்கே அதை விரித்து அளப்பவரும் மனிதர்தான், தோள் அவர் கையிலும் அசையும். சட்டையில் அரை அங்குலம் பற்றவில்லை என்பது அவருக்குத் தெரியாது, ஒரு சீட்டில் எழுதிச் சட்டையிலேயே ஊக்கால் குத்தி அனுப்ப வேண்டும். நல்ல பிளவுஸ் ஒன்று இரண்டு மூன்று வாரம் வீட்டை விட்டுப் போயிருக்கும். நாள் இருந்தால், டேப் பிடிக்க வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால், இதைத் தேர்வு செய்யலாம். அப்போதும் தோள் அளவை மட்டும் தனியாக எழுதி வையுங்கள்.

இப்போது முகூர்த்தப் பட்டுக்கு வருகிறேன். அதற்குப் படிவமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆரி வேலையில் துணியை வெட்டித் தைத்த பிறகு பூ போடுவதில்லை. கழுத்தும் கையும் துணியில் வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, வேலை முடிந்த பிறகுதான் வெட்டுவார்கள். கழுத்து இறக்கம் ஒரு அங்குலம் தப்பினால் பிளவுஸைப் பிரித்தால்கூடச் சரியாகாது, வேலைப்பாடே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். துணியும் சேலையோடு வந்தது, இன்னொன்று வாங்க முடியாது. அதனால் கார்த்திகையிலேயே திருநெல்வேலி டவுனில் நேரில் அளவு எடுக்கும் ஆளிடம் கொடுத்தோம். மதினி இரண்டு முறை வண்டியேற வேண்டியிருந்தது. ஒருமுறை அளவுக்கு, ஒருமுறை சட்டத்தில் ஏற்றும் முன் வரைந்த கோட்டைத் தோளில் வைத்துப் பார்க்க. அந்த அலைச்சல் தேவையானதுதான்.

செடிபுட்டா பிளவுஸுக்கு அப்படி இல்லை. அதில் தவறு வந்தாலும் பெரும்பாலானவை திருத்தக்கூடியவை, எந்தப் பக்கம் தவறுவது என்பதை நாம் தேர்வு செய்தால். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால் இறுக்கத்தைத் தளர்த்தலாம். உயரம் கூடினால் மடித்துத் தைக்கலாம். அக்குள் சின்னதாக வந்தால் கொஞ்சம் தோண்டலாம். கழுத்து ஏறியிருந்தால் இறக்கலாம். இவற்றில் கடைசி மூன்றை எதிர்ப்பக்கம் செய்ய முடியாது: இறங்கிய கழுத்தை ஏற்ற முடியாது, தோண்டிய அக்குளை நிரப்ப முடியாது, குட்டையான உயரத்துக்கு ஒட்டுப் போட வேண்டும். அதனால் இரண்டு எண்களுக்கு நடுவில் தயக்கம் வந்தால், அல்லது படிவம் அரை அரையாக மட்டும் தேர்வு தந்தால், கழுத்திலும் அக்குளிலும் சின்ன எண்ணையும் உயரத்தில் பெரிய எண்ணையும் எடுங்கள். மதினியின் 17¼ அந்தப் படிவத்தில் இல்லை, 17 போட்டேன். குறிப்புக் கட்டத்தில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடச் சொல்லி எழுதினேன். இது எழுதாவிட்டால் சில இடங்களில் அரை அங்குலத்தோடு வெட்டி ஓவர்லாக் அடித்துவிடுவார்கள், அப்புறம் பிரித்து விட ஒன்றும் இருக்காது.

பார்சல் வந்ததும் பிளவுஸைத் தரையில் விரித்து அளந்து பார்க்காமல் முதலில் உடம்பில் போட்டுப் பாருங்கள், சேலை கட்டாமல். கொக்கிகளுக்கு நடுவில் வாய் பிளந்தால் மார்பில் லூஸ் இல்லை. அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சாய்ந்த மடிப்புகள் ஓடி, கையும் பிடித்தால் அக்குள் சின்னது. கை தூக்கினால் பட்டி ஏறினால் அக்குள் தாழ்வு. கையின் தையல் தோள் எலும்பைத் தாண்டி வெளியே கிடந்தால் தோள் கூடுதல், கையைப் பிரித்து உள்ளே தள்ளி இணைக்கலாம். மதினியின் பிளவுஸ் வந்தபோது அக்குள் மட்டும் லேசாகப் பிடித்தது, எதிர்பார்த்ததுதான். திருப்பி அனுப்பினால் அவர்களே இலவசமாகச் சரிசெய்வார்கள் என்று இருந்தது. ஆனால் போய் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், மறுவீட்டுக்கு அவ்வளவு நாள் இல்லை. அம்பாசமுத்திரத்திலேயே ஒரு டெய்லர் அக்கா பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவிலும் மறுக்காமல் வாங்கி, கால் அங்குலம் தோண்டிக் கொடுத்துவிட்டார்கள். புதுத் துணி வாங்காத நாட்களிலும் இந்தச் சின்ன வேலையை யாரும் மறுப்பதில்லை. அடுத்த ஆர்டருக்காக அந்த 17¼-ஐயும், இடித்த இடத்தையும், மாற்றிய அளவையும் மதினி சீட்டில் எழுதி அதே பிளவுஸில் குத்தி வைத்திருக்கிறார்கள்.